சம்பளக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் விற்க வரும் வங்கி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துத் தொழிற்பேட்டைகளில் முகாம் போட்டுச் சம்பளக் கணக்கு பிடிக்கும் வங்கி மேலாளர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்புவது என் வேலை. அதனால் "சார், இந்த மாசம் என்ன இவ்ளோ வட்டி பிடிச்சிருக்கான்" என்று ஸ்டேட்மெண்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் முதலில் வருவது உங்களிடம் இல்லை, என்னிடம்தான். கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் ஒரு லிமிட் வரை கடனாக எடுக்க நீங்கள் கொடுக்கும் ஓவர்டிராஃப்ட் வசதி, அதாவது ஓடி, மோசமான சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அது எந்த இடத்தில் மலிவு, எந்த இடத்தில் கழுத்தைப் பிடிக்கும் என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறீர்கள், அதுதான் என் புகார்.

முகாமில் நீங்கள் சொல்வது இரண்டே விஷயம். கைக்கு வரும் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு, சிலருக்கு மூன்று மடங்கு வரை லிமிட் கிடைக்கும் என்பது ஒன்று. எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கு எவ்வளவு மைனஸில் நிற்கிறதோ அந்தத் தொகையை ஆண்டு வட்டியால் பெருக்கி 365ஆல் வகுத்தால் அன்றைய வட்டி. மாதம் முழுவதும் சேர்ந்ததைக் கடைசி நாளில் கணக்கிலேயே பற்று வைக்கிறீர்கள். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள் மாறும். இங்கே கணக்குக்காக 15 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

கைக்கு 30,000 வாங்கும் ஒருவர் 22ஆம் தேதி ஆஸ்பத்திரிச் செலவுக்கு 10,000 எடுக்கிறார், 1ஆம் தேதி சம்பளம் விழுந்ததும் அது தானாகவே அடைகிறது என்றால் ஒன்பது நாளைக்கு வட்டி 37 ரூபாய். வெளியில் மூணு வட்டிக்கு வாங்கினால் ஒரு மாசத்துக்கே 300 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். இந்த இடத்தில் ஓடியை அடித்துக்கொள்ள ஆளில்லை, நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதே ஆளுக்கு 60,000 லிமிட் கொடுக்கிறீர்கள். ஜூனில் பள்ளிக்கூட ஃபீஸ், அப்புறம் வீட்டு அட்வான்ஸ், லிமிட் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. 1ஆம் தேதி 30,000 சம்பளம் வருகிறது, மைனஸ் 60,000இல் நின்ற கணக்கு மைனஸ் 30,000க்குக் குறைகிறது. நல்லதுதான், ஆனால் அரிசி, வாடகை, வண்டி டியூ எல்லாம் அந்தச் சம்பளத்தில்தானே ஓட வேண்டும்? அதனால் 10ஆம் தேதிக்குள் கணக்கு திரும்பவும் 60,000க்குப் போய் நிற்கிறது. முதல் பத்து நாளைக்குச் சராசரியாக 45,000, மீதி இருபது நாளைக்கு 60,000 என்று போட்டால் மாச வட்டி ஏறக்குறைய 678 ரூபாய். சம்பளத்தில் இது பெரிதாகத் தெரியாது, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இரண்டு வருஷம் இப்படியே போனால் 16,000க்கு மேல் வட்டி போயிருக்கும், அசல் 60,000 அப்படியே அசையாமல் நிற்கும். அதே 60,000ஐ அதே 15 சதவீதத்துக்கு 24 மாசத் தனிநபர் கடனாகக் கொடுத்திருந்தால் மாசம் சுமார் 2,909 ரூபாய் தவணை, மொத்த வட்டி 9,800 சொச்சம், 24ஆம் மாசம் கடன் காலி. வட்டி விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். தவணையில் அசல் மாசாமாசம் குறைய வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது, ஓடியில் இல்லை. எங்கள் ஆட்கள் ஸ்டேட்மெண்ட் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்: சம்பளம் விழுந்த மறுநாளாவது கணக்கு பிளஸுக்கு வருகிறதா? மூன்று மாசமாக ஒரு நாள்கூட வரவில்லை என்றால், ஓடி என்ற பெயரில் அது முடிவே இல்லாத கடன். உங்கள் கணினியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அப்படிப்பட்டவருக்கு உங்களிடமிருந்து போவது லிமிட்டை உயர்த்தித் தருகிறோம் என்ற குறுஞ்செய்தி!

சம்பளம் தள்ளிப்போகும் மாசம் இன்னும் மோசம். லிமிட் முழுவதும் எடுத்திருப்பவர் கணக்கில் மாசக் கடைசியில் வட்டி ஏறியதுமே அது 60,678 ஆகிவிடும், லிமிட் தாண்டிவிட்டது. சம்பளம் 1ஆம் தேதி வந்தால் தப்பித்தார், 7ஆம் தேதி ஆனால் அதுவரை மீறல், அதற்கு அபராதம். அபராதக் கட்டணத்தின் மேல் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023இலேயே சுற்றறிக்கை விட்டு, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கும் வந்துவிட்டது. உங்கள் ஸ்டேட்மெண்டில் வட்டி, அபராதம், ஜிஎஸ்டி மூன்றும் தனித்தனி வரியாக வந்தால்தான் எங்களால் அதைச் சரிபார்க்க முடியும். அதோடு, வேலை மாறினாலோ ஒப்பந்தம் முடிந்தாலோ சம்பளம் நின்றதும் நீங்கள் லிமிட்டை ரத்து செய்து முழுத் தொகையையும் கேட்கலாம் என்பதை முகாமில் ஒருவராவது சொன்னதுண்டா? 90 நாள் தொடர்ந்து லிமிட்டுக்கு மேலேயே நின்றாலும், வரவு எதுவும் இல்லாமல் போனாலும் அது வாராக்கடன் கணக்கில் போய்விடும், சிபில் மதிப்பெண்ணும் கெடும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது நடக்காத கதை இல்லை.

கொஞ்சமாக எடுப்பவரும் தப்பவில்லை. வருஷா வருஷம் புதுப்பிப்புக் கட்டணம் 1,000, ஜிஎஸ்டி 180 என்று பிடிக்கும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 37 ரூபாய்க்காரர் மாசாமாசம் அதே மாதிரி எடுத்தால் வருஷத்துக்கு வட்டி 444, கட்டணம் 1,180. வருஷம் முழுக்கச் சராசரியாக அவர் கையில் இருந்த கடன் 3,000 ரூபாய்கூட இல்லை, அதற்கு 1,624 கொடுத்திருக்கிறார், அதாவது சுமார் 55 சதவீதம். 15 என்று சொல்லி விற்ற சரக்கு!

இன்னொன்று, உங்கள் செயலியில் இருப்பு காட்டும் விதம். சொந்தப் பணம் 2,000, லிமிட் 60,000 என்றால் திரையில் Available Balance என்று 62,000 வருகிறது. யுபிஐயில் டீக்கடைக்குக் கொடுக்கும் பணம்கூடக் கடனில் போவது எத்தனையோ பேருக்குத் தெரியவே தெரியாது. பைக் தவணையும் அதே கணக்கிலிருந்து தானாகப் போகும், அப்போது பைக் கடனுக்கு ஒரு வட்டி, அந்தத் தவணையைக் கட்ட எடுத்த ஓடிக்கு இன்னொரு வட்டி. இதில் சிலர் அதே வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டும் வைத்திருக்கிறார்கள்! டெபாசிட்டின் மேல் ஓடி எடுத்தால் டெபாசிட் வட்டியைவிடப் பொதுவாக ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூட வரும். அதை எடுத்துச் சொல்ல உங்களுக்கு ஏனோ வாய் வருவதில்லை.

நான் கேட்பது இதுதான். முதல் வருஷம் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல் லிமிட் கொடுக்காதீர்கள். மூன்று மாசமாகப் பிளஸுக்கே வராத கணக்கை, ஆளைக் கூப்பிட்டுப் பேசி, தவணைக் கடனாகவோ மாசாமாசம் லிமிட் குறைந்துகொண்டே வரும் ஓடியாகவோ மாற்றிக் கொடுங்கள். செயலியில் சொந்தப் பணத்தை ஒரு வரியிலும் கடன் லிமிட்டை இன்னொரு வரியிலும் காட்டுங்கள். அடுத்த முகாமுக்கு வரும்போது, லிமிட் முழுவதையும் எடுத்தால் ஒரு நாள் வட்டி எத்தனை ரூபாய், வருஷக் கட்டணம் எவ்வளவு, வேலை போனால் எத்தனை நாளில் கட்ட வேண்டும் என்பதைத் தமிழில் அரைப் பக்கத்தில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். அந்தத் தாள் இல்லாமல் வந்தால், கேன்டீன் பக்கம் மேசை போட அனுமதி தர வேண்டாம் என்று எங்கள் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சிப்காட் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவு ஊழியர், கடலூர்