நாடி சொல்லாததை மூச்சு சொன்னது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைக்கடிகாரம் காய்ச்சலை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விஷயம் சரிதான். ஆனால் கட்டுரையாளர் நாடித்துடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மூச்சையும் தோல் வெப்பத்தையும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். 'தூக்கத்தில் துடிப்பு வழக்கத்தைவிட 10 கூடினால் உஷார்' என்று பெட்டிச் செய்தி வேறு. அதை நம்பி உட்கார்ந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒன்றுமே தெரிந்திருக்காது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்தவள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் டி.பி.ஆர். சார்ட்டைப் பார்த்திருப்பீர்கள். டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன் மூன்றும் அதில் ஒரே தாளில் இருக்கும். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கத்தான் அந்த ஏற்பாடு. ஒரு டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஏறினால் நாடி ஏறத்தாழ 10 கூடும் என்பது பொதுக் கணக்கு. டைபாய்டு நோயாளியிடம் அந்தக் கணக்கு அடிக்கடி பொய்க்கும். உடம்பு கொதிக்கும், நாடி மெதுவாகவே ஓடும். நாடியை மட்டும் பார்த்திருந்தால் அவரைத் தேறிவிட்டார் என்று நினைத்திருப்போம்.

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சார்ட்டில் மூச்சுக்கான கட்டத்தை நாங்கள் ஒழுங்காக நிரப்பியதில்லை. அறுபது நோயாளிகளுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண யாருக்கு நேரம்? வார்டு முழுக்க எல்லோரும் நிமிடத்துக்குச் சரியாக 20 முறை மூச்சுவிட்டதாக எழுதிவைத்த நாட்கள் உண்டு. நாங்கள் எண்ணாமல் விட்டதை இப்போது கடிகாரம் இரவு முழுக்க எண்ணுகிறது. மூச்சை இழுக்கும்போது துடிப்புகளின் இடைவெளி சற்றுக் குறையும், விடும்போது கூடும். சில கடிகாரங்கள் அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகின்றன. சில, மணிக்கட்டின் நுண்ணிய அசைவிலிருந்து எண்ணுகின்றன.

என் கணவருக்கு 68 வயது. ஸ்டென்ட் வைத்தவர், நாடியை அடக்கிவைக்கும் மெட்டோபிரலால் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். மகள் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே தூங்குவார். அவருடைய வழக்கமான இரவுக் கணக்கு எனக்கு மனப்பாடம்: துடிப்பு 56 முதல் 59, மூச்சு 14 முதல் 14.8, தோல் வெப்பம் அவரது சராசரியிலிருந்து 0.3 டிகிரி செல்சியஸ் இப்படியோ அப்படியோ.

சென்ற கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை கல்யாணத்துக்குப் போய்விட்டு, இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தார். அன்று துடிப்பு 63. மூச்சு 14.4, வெப்பம் அப்படியே. நேரங்கெட்ட சாப்பாடும் அலைச்சலும் செய்த வேலை. மறுநாள் துடிப்பு தானாக இறங்கிவிட்டது.

புதன் இரவு துடிப்பு 60. யாரும் கண்டுகொள்ளாத எண். ஆனால் மூச்சு 16.2. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சகஜம் என்று பாடப்புத்தகம் சொல்லும்; அந்த அளவில் 16 ஒன்றுமே இல்லை. ஆனால் தூக்கத்தில் ஒருவருடைய மூச்சு இரவுக்கிரவு அதிகம் மாறுவதில்லை. வாரக்கணக்கில் அரை எண்ணிக்கைக்குள் நின்றவருக்கு ஒரே இரவில் ஒன்றரைக்கு மேல் கூடினால் அது பெரிய தாவல். வியாழன் காலை நாக்கடியில் தெர்மாமீட்டர் வைத்தேன்: 98.4. "எனக்கு ஒன்றுமில்லை, நீதான் வேலையில்லாமல் இருக்கிறாய்" என்றார். மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. வெளியூர்ப் பயணத்தை மட்டும் நிறுத்தினேன். பேத்தியை அன்று அவரிடம் விடவில்லை.

வியாழன் இரவு மூச்சு 17.9, துடிப்பு 61. தோல் வெப்பமோ 0.5 குறைந்திருந்தது. இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோவார்கள். காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது உடம்பு உள்ளே சூட்டைச் சேர்ப்பதற்காகத் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். குழந்தைக்குக் கை கால் ஜில்லென்றும் வயிறு சுட்டுக்கொண்டும் இருந்தால் காய்ச்சல் வருகிறது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். கடிகாரம் இருப்பது அந்த ஜில்லென்ற கையில். ஆகவே கூடினால் மட்டுமல்ல, காரணமில்லாமல் குறைந்தாலும் கவனிக்க வேண்டும். வெள்ளி விடியற்காலை போர்வைக்குள் நடுங்கினார், தெர்மாமீட்டரில் 101.4. அன்று இரவு கடிகாரம் 1.3 டிகிரி கூடுதல் காட்டியது. அப்போதும் துடிப்பு 64தான். பெட்டிச் செய்தியின் 10 கடைசிவரை வரவே இல்லை.

வெள்ளி காலையே மருத்துவரிடம் போனோம். பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா. அதற்கான ஒசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். இதய நோயாளிக்கு அந்த நேரம் முக்கியம். வழக்கமாக இவர் மூன்று நாள் பாராசிட்டமாலில் தள்ளிவிட்டுத்தான் டாக்டர் பக்கம் போவார்.

இதில் குழப்பங்களும் உண்டு. மூன்றிலும் சீக்கிரம் ஏமாற்றுவது தோல் வெப்பம். ஏ.சி. அறையிலிருந்து மொட்டை மாடிக்குப் படுக்கையை மாற்றினாலும், நடு இரவில் மின்சாரம் போனாலும், பட்டை தளர்ந்தாலும் எண் மாறும். மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களில் பெண்களுக்கு இயல்பாகவே 0.3 முதல் 0.5 வரை கூடும், துடிப்பும் சற்று ஏறும். மது அருந்திய இரவில் துடிப்பும் வெப்பமும் சேர்ந்தே ஏறலாம். அதனால் ஒன்று மட்டும் விலகினால் முந்தைய நாள் என்ன நடந்தது என்று யோசிப்பேன். மூச்சு உட்பட இரண்டு சேர்ந்து விலகினால், அல்லது மூச்சு மட்டுமே ஒரே இரவில் பெரிதாகத் தாவினாலோ அடுத்தடுத்து இரண்டு இரவுகள் ஏறினாலோ, தெர்மாமீட்டரை எடுப்பேன். இதய லயம் தாறுமாறாக உள்ளவர்களுக்கு, துடிப்பின் இடைவெளியிலிருந்து எடுக்கும் மூச்சுக் கணக்கு நம்பத்தக்கதல்ல. புதுக் கடிகாரம் முதல் ஓரிரு வாரம் சொல்வதையும் பொருட்படுத்த வேண்டாம். அதற்கு உங்கள் வழக்கம் இன்னும் தெரியாது.

எண்கள் அசையவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கோவிட் வந்த 32 பேரில் 26 பேரிடம்தான் துடிப்பிலோ நடையிலோ தூக்கத்திலோ மாற்றம் தெரிந்தது. மீதி 6 பேரின் கடிகாரங்கள் எதையும் காட்டவில்லை. விழித்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவர், கடிகாரம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

அந்தப் பெட்டிச் செய்தியைப் பற்றி ஒரு வேண்டுகோள். மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த 10 பொருந்தாது என்று அடுத்த இதழில் ஒரு வரியாவது போடுங்கள். உங்கள் வாசகர்களில் என் கணவர் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி