கமலாவுக்கு, ஒரு கவளம் சோற்றைப் பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை உறுதியானதும், உனக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்ததும் நல்ல செய்திகள். கடைசியில் கேலியாக ஒரு வரி எழுதியிருந்தாய்: "இலங்கைக்குப் போய்ப் பேசாமல் சாப்பிடக் கற்றுக்கொண்டாயாமே, அதற்கு விமானம் ஏறணுமா, நம் வீட்டில் சண்டை போட்டால் போதாதா?" சிரித்தேன். ஆனால் சண்டை போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சாப்பிடும்போது உள்ளே பேச்சு ஓயவே ஓயாது இல்லையா? வாய் மட்டும் மூடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுகிறேன்.

கொழும்பில் இருக்கும் அண்ணன் மகன்தான் கந்துபொட தியான நிலையத்தில் சேர்த்துவிட்டான். 1956-ல் தொடங்கிய இடம். பர்மாவின் பிக்கு மகாசி சயாடோ (1904–1982) கற்றுக்கொடுத்த முறையைப் பின்பற்றுகிறார்கள். காலையில் ஒரு சாப்பாடு, நண்பகலுக்குள் இன்னொன்று, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் தானமாகக் கொடுப்பதால் என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பொல் சம்பல், பலாக்காய்க் கறி, எது வந்தாலும் அதுதான்.

நான் முதலில் எதிர்பார்த்தது மெதுவாகச் சாப்பிடு, ருசித்துச் சாப்பிடு என்கிற மாதிரி ஏதாவது. அவர்கள் சொன்னது வேறு. நடப்பதையெல்லாம் நடக்கும்போதே மனத்துக்குள் ஒரு சொல்லால் குறிக்க வேண்டும். தட்டைப் பார்க்கும்போது 'பார்த்தல்'. கை நீளும்போது 'நீட்டல்', சோற்றில் படும்போது 'தொடுதல்'. பிசைதல், தூக்குதல், வாய் திறத்தல், வைத்தல், வாய் மூடுதல், கை இறங்குதல், மெல்லுதல், சுவை அறிதல், விழுங்குதல், தொண்டையில் இறங்கும்போது மறுபடி 'தொடுதல்'. ஒரே ஒரு கவளத்துக்கு இத்தனை. கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்காகவே பர்மாக்காரர் யோசித்து வைத்த வரிசை என்பது நமக்குச் சௌகரியம். சோற்றின் சூடு வாய்க்கு முன்னால் விரலுக்குத்தான் தெரியும்.

இதைச் செய்யப் போனதும் முதலில் மாட்டிக்கொண்டது என் வலது கை. வாயில் கவளத்தை வைத்ததும் அது இறங்கித் தட்டில் ஓய்ந்திருக்க வேண்டும். அது ஓயவில்லை. வாய் முதல் தடவை மெல்லும்போதே விரல்கள் அடுத்த கவளத்தைப் பிசைய ஆரம்பித்துவிட்டன. கண் அதற்கும் முன்னால் போய்ப் பலாக்காய்த் துண்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. வாயில் இருக்கும் சோற்றை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

அப்புறம் ருசி. பலாக்காய்க் கறியை வாயில் போட்டதும் மிளகும் தேங்காய்ப்பாலும் பளிச்சென்று தெரிகின்றன. இன்னும் சில தடவை மென்றால் வெறும் மாவாகிவிடுகிறது. அந்தச் சப்பென்ற கட்டம் வரும்போது, அதைப் பார்க்காமல் விழுங்கிவிட்டு, அடுத்த கவளத்தால் ருசியைப் புதுப்பித்துக்கொள்வதுதான் நாம் இத்தனை வருஷமாகச் செய்து வருவது. அந்தச் சப்பென்ற இடத்திலேயே இருந்து முழுக்க மென்று, கவளம் தொண்டையில் இறங்கும் வரை கையைத் தட்டில் வைத்திருந்தால், கை துடிப்பது அப்படியே தெரியும். வழிகாட்டிய பிக்குவிடம் சொன்னேன். கையை அடக்காதே, 'விருப்பம்' என்று குறித்துக்கொள், குறித்த பிறகும் எடுக்கத் தோன்றினால் எடு என்றார். இன்பமான உணர்ச்சிக்கும் அதன்மேல் எழும் வேட்கைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று பௌத்தம் சொல்கிறதே, அது எனக்குப் பலாக்காயில்தான் புரிந்தது.

இதிலும் கோளாறுகள் உண்டு. சொற்கள் மந்திரம் மாதிரி தானாக ஓட ஆரம்பித்துவிடும். 'மெல்லுதல், மெல்லுதல்' என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும், நினைவு வீட்டுப் பத்திரத்தில் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: வாயில் இருப்பது சூடா, ஆறியதா என்று உடனே கேட்டுப் பார்ப்பது. சொல்லத் தெரியவில்லை என்றால் வெறும் ஜபம்தான் நடக்கிறது. அப்போது வரிசையைக் குறைத்துத் தொடுதல், மெல்லுதல், விழுங்குதல் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சிலர் ஆமை வேகத்தில் கை தூக்கி, பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் கவனிப்பதும் உண்டு. வேகம் குறைவது இதன் விளைவு, அதையே குறியாக வைத்துக்கொண்டால் சோறுதான் ஆறும்.

பெரிய கோளாறு தட்டில் போடும்போதே நடந்துவிடுகிறது. பேச்சு இல்லை, ஃபோன் இல்லை, படிக்க எதுவும் இல்லை என்றால் நாள் முழுக்க இருக்கும் ஒரே கேளிக்கை சாப்பாடுதான். மணி அடிக்கும் முன்பே கால் அந்தப் பக்கம் போகும். இனிச் சாயங்காலம் எதுவும் கிடையாது என்ற பயத்தில் கரண்டி இன்னொரு தரம் இறங்கும். எவ்வளவு சாப்பிடப் போகிறோம் என்பது பசி தெரியும் முன்பே, பயத்தால் முடிவாகிவிடுகிறது. அதனால் குறிப்பதைக் கரண்டியைப் பிடிக்கும்போதே ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

பிக்குகள் சாப்பிடும் முன் நினைத்துப் பார்க்கும் வாசகம் ஒன்று பாலி மொழியில் உண்டு. விளையாட்டுக்கோ மதர்ப்புக்கோ அழகுக்கோ அல்லாமல் இந்த உடம்பு நிலைத்திருக்க உண்கிறேன், பழைய வேதனையை நீக்குவேன், புதிய வேதனையை உண்டாக்க மாட்டேன் என்று போகும். பழையது பசி, புதியது திகட்டல். புத்தரின் சீடர் சாரிபுத்தர் இதற்கு ஒரு கணக்கே சொல்லியிருக்கிறார்: இன்னும் நாலைந்து கவளத்துக்கு இடம் இருக்கும்போதே நிறுத்தித் தண்ணீர் குடி. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். கோசல மன்னன் பசேநதி கதையும் உனக்குப் பிடிக்கும். தொட்டி தொட்டியாகத் தின்று மூச்சு வாங்கிக்கொண்டு புத்தரிடம் வந்தானாம். அளவறிந்து உண்பவன் பற்றி அவர் ஒரு பாட்டுச் சொல்ல, அதை ஓர் இளைஞனிடம் கொடுத்துத் தினமும் தன் சாப்பாட்டு வேளையில் சொல்லச் சொல்லி ராஜா ஏற்பாடு செய்தானாம். மெல்ல மெல்ல ஒரு நாழி அரிசிச் சோற்றுக்கு வந்து சேர்ந்தான். ராஜாவானாலும் நினைவூட்ட ஆள் வேண்டியிருந்தது பார்.

வீட்டில் என்ன மாறியது என்று கேட்பாய். எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்றபடி, பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் சேர்த்து விழுங்கி எழுந்த கூட்டம்தானே நாம்? வீணாகிறதே என்று நான் வாயில் போட்டுக்கொண்டதில் பாதி பசிக்குச் சம்பந்தமில்லாதது. இப்போது மதியம் ஒரு வேளை உட்கார்ந்து, தட்டில் போட்டு, வரிசைப்படி சாப்பிடுகிறேன். மிச்சம் இருந்தால் மூடி வைக்கிறேன். முறுக்கு டப்பாவை விட்டேன் என்று நினைக்காதே, அது இன்னும் காலியாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கை டப்பாவுக்குள் போவது தெரிகிறது, அது எனக்குப் புதிது. ராத்திரிச் சாப்பாட்டை எல்லோரோடும் பேசிக்கொண்டேதான் சாப்பிடுகிறேன். அதையும் மௌனமாக்கினால் நீ சொன்ன சண்டை நிஜமாகவே வந்துவிடும்.

நீ முயற்சி செய்வதானால் ஒன்று. மத்தியானத்துக்கு மேல் சாப்பிடாமல் இருக்கும் வழக்கத்தை, நீ போடும் மாத்திரையோடு, உன் டாக்டரைக் கேட்காமல் தொடாதே. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கந்துபொட மாதிரி இடத்துக்குப் போனாலும், போனதுமே உனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லிவிடு. வீட்டிலேயே ஒரு வேளையில் முதல் ஐந்து கவளம் போதும், கையைக் கவனி.

பிப்ரவரியில் திருச்சிக்கு வருவதாக இருக்கிறேன். உன் வீட்டில் இரண்டு நாள் தங்கலாமா? வாழைப்பூ வடை போடுவதானால் பேசிக்கொண்டே சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்புடன்,
சாரதா