நெறியாளர் நாற்காலி

அன்புள்ள கண்ணா,

மாநாட்டில் பேச நீ அனுப்பிய விண்ணப்பம் இந்த ஆண்டும் திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் கனத்துப் போனது. பல ஆண்டுகள் இத்தகைய கூட்டங்களை ஏற்பாடு செய்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். பேச வருகிறவர்களின் பட்டியல் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். அமர்வை நடத்தித் தர ஆள் கிடைக்காமல்தான் கடைசி இரண்டு வாரமும் நாங்கள் தவித்திருக்கிறோம். அந்தச் சமயம் பார்த்து, "நான் எப்படியும் வருகிறேன், இந்த இரண்டு தலைப்புகளில் எதற்காவது நெறியாளர் தேவைப்பட்டால் செய்கிறேன்" என்று நான்கு வரி எழுதிப் போடு.

அழைப்பு வந்ததும் பேச்சாளர்களோடு ஒரு இருபது நிமிடம் தொலைபேசியில் பேசிவிடு. பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவரவர் வாயாலேயே கேட்டுக்கொள். மேடையில் பெயர் பிசகினால் பேச்சாளரின் முகம் மாறிவிடும், அதற்குப் பின் நீ எவ்வளவு புகழ்ந்தும் பயனில்லை. பட்டமும் பதவியும் அழைப்பிதழிலேயே இருக்கின்றன. இந்தத் தலைப்பைப் பேச இவருக்கு வாய்த்த அனுபவம் என்ன என்பதை மட்டும் அரை நிமிடத்தில் சொல். மறக்காமல் ஒவ்வொருவரிடமும், "இதைச் சொல்லாமல் இறங்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பது எது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்.

அந்தக் கேள்வியின் அருமையை ஒரு இளம்பெண்ணிடம்தான் கண்டேன். மூன்று பேர் பேசும் 45 நிமிட அமர்வு அவளுடையது. முந்தைய அமர்வு 12 நிமிடம் இழுத்துவிட்டதால் 33 தான் மிச்சம். மேடை ஓரத்திலேயே மூவரையும் நிறுத்தி, "அறிமுகம் எல்லாமாகச் சேர்த்து ஒரு நிமிடம், பேச்சுக்கு 22, கேள்விகளுக்கு 10. நீங்கள் அன்று சொன்ன முக்கியமான விஷயத்தை முதல் சுற்றிலேயே கேட்டுவிடுகிறேன்" என்றாள். ஒருவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில், அவர் சொன்ன கடைசிச் சொல்லையே எடுத்து அடுத்தவரிடம் கேள்வியாக்கினாள். அவருக்கும் மனம் நோகவில்லை. கூட்டத்தில் ஒருவர் மைக்கை வாங்கிக்கொண்டு சொற்பொழிவைத் தொடங்க, "உங்கள் கேள்வி மேடையில் யாருக்கு?" என்று தணிவாகக் கேட்டாள். குறித்த நேரத்தில் அரங்கு காலியானது.

மறுநாள் காலை, நேரமில்லாமல் விடுபட்ட கேள்விகளைத் தொகுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தாள். அடுத்த ஆண்டு பேச்சாளர் பட்டியல் போட உட்கார்ந்தபோது அவள் பெயரைத்தான் முதலில் எழுதினோம்.

ஒரு எச்சரிக்கை. தனக்குத் தெரிந்ததையெல்லாம் நெறியாளரே பேசித் தீர்த்த அமர்வுகளும் உண்டு, அவர்களை நாங்கள் மறுபடி கூப்பிட்டதில்லை. இன்னொன்று, இரண்டு முறை நடத்திக் கொடுத்த பின், நீ பேச விரும்பும் தலைப்பை நீயாகவே மாநாட்டை ஏற்பாடு செய்பவர்களிடம் சொல். இல்லாவிட்டால் எப்போதும் அந்த நாற்காலிக்கு மட்டுமே உன்னை நினைப்பார்கள்.

எந்த மாநாடு, என்றைக்கு என்று எழுது. அறிமுகங்களை எழுதி முடித்ததும் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டு. கடிகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா