ரீலோட் விழுந்த முதல் ஐந்து நிமிடம்: மட்டக்களப்பு, அம்பாறை ரீலோட் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆரையம்பதி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் கடைத்தெருக்களிலும், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி போன்ற படுவான்கரைச் சந்திகளிலும் ரீலோட் போட்டுக்கொடுக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறோம். "நேற்றுத்தானே நூற்றைம்பது போட்டேன், இப்ப காசும் இல்லை, டேட்டாவும் இல்லை" என்று வருகிற ஆள் முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான். அநேகமான கடைகளில் அவருக்குக் கிடைப்பது இன்னொரு ரீலோட். முதல் காசு ஏன் போனது என்று பார்க்காவிட்டால் இரண்டாவதும் அதே வழியால்தான் போகும். போன் திருத்தும் வேலையில் இருக்கிற நாங்கள் உங்களிடம் கேட்பது, காசு போடுவதற்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் அந்தப் போனைப் பாருங்கள் என்பதுதான்.

மீதி பூச்சியமாகக் கிடக்கும் சிம்முக்குள் காசு விழட்டும் என்று பல கணக்குகள் காத்திருக்கும். அவசரக் கடன் எடுத்திருந்தால், அந்தக் கடனும் அதற்கான சேவைக் கட்டணமும் அடுத்த ரீலோட்டில் வெட்டப்படும். பழைய பேக் ஒன்று தானாகப் புதுப்பிக்கப்படும்படி இருந்தால், காசு விழுந்ததும் அது மறுபடி ஏறிவிடலாம்; வாடிக்கையாளர் கேட்டது வேறு பேக்காக இருக்கும். ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர், செய்தி, விளையாட்டு, நம்மை அழைப்பவருக்குக் கேட்கும் பாட்டு என்று ஏதாவது சந்தா இருந்தால், காசில்லாத நாட்களில் வெட்ட முடியாமல் இருந்தது இப்போது முயன்று பார்க்கும். இவை போக, மொபைல் டேட்டா ஓன் செய்தபடியே இருக்கும் போன் தன் பங்குக்கு, தேங்கிக் கிடந்த படங்களையும் அப்டேட்டுகளையும் இழுக்கத் தொடங்கும். பேக் இன்னும் ஏறவில்லை என்பதால் இழுக்கிற ஒவ்வொரு எம்.பி.யும் பிரதான மீதியில் சாதாரணக் கட்டணத்துக்குப் போகிறது.

இது எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்கில் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். ஒருவரின் மீதி 3 ரூபாய் 40 சதம். அவருக்கு 149 ரூபாய் பேக் வேண்டும். 150 போடுகிறீர்கள், மீதி 153.40 ஆகிறது. உடனே ஒரு சந்தா, வரியோடு 6 ரூபாயை வெட்டுகிறது. இப்போது இருப்பது 147.40. பேக்கைக் கேட்டால் மீதி போதாது என்று பதில் வருகிறது. அந்தப் பதில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வருவதால் அவர் வாசிக்கவில்லை. பேக் விழுந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போகிறார். சாதாரணக் கட்டணம் ஒரு எம்.பி.க்கு 20 சதம் என்றால் 147.40 ரூபாய்க்குக் கிடைப்பது 737 எம்.பி. போன் கமெராவில் 1080p தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ 100 எம்.பி.யைத் தாண்டும். கோயில் திருவிழாவில் எடுத்த ஏழெட்டு வீடியோ கூகுளுக்கு ஏறினாலே கணக்கு முடிந்தது. அவர் போனைத் தொட்டிருக்கவே தேவையில்லை. நிறுவனத்தைக் கேட்டால் "நீங்கள் பாவித்திருக்கிறீர்கள்" என்பார்கள், பதிவும் அப்படித்தான் இருக்கும். ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தோடு அவர் திரும்பவும் உங்களிடம் வருவார்.

ஆகவே காசு போடுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் மொபைல் டேட்டாவை நிறுத்தச் சொல்லுங்கள். விமானப் பயன்முறை வேண்டாம், அதில் எஸ்.எம்.எஸ். வராது. மீதியைப் பார்த்து ஒரு துண்டில் குறியுங்கள். கடன் எடுத்தீர்களா என்று கேளுங்கள். ரீலோட் போட்டபின் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து மீதியை மறுபடி பாருங்கள். கூட்டினால் வரவேண்டிய தொகை இருந்தால் பேக்கை ஏற்றுங்கள். உறுதிப்படுத்தும் எஸ்.எம்.எஸ். வந்து, பேக்கின் அளவும் முடியும் திகதியும் செயலியிலோ மீதி பார்க்கும் குறியீட்டிலோ தெரிந்த பிறகுதான் டேட்டாவைப் போடவேண்டும். உங்கள் ரீலோட் செயலியில் பேக்கை நேரடியாக அனுப்பும் வசதி இருந்தால் அதுவே நல்லது. காசு பிரதான மீதிக்குள் போகாததால் நடுவில் வெட்டுப்படும் வாய்ப்புக் குறைவு. இலக்கத்தை மட்டும் திருப்பி வாசித்து உறுதிசெய்யுங்கள்.

விலையையும் ஒருமுறை பாருங்கள். போட்டிருக்கும் விலை வரி சேர்ந்ததா, சேராததா? 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். வரி சேராத 149 ரூபாய், வற் மட்டும் சேர்ந்தாலே 175 ரூபாய் 82 சதம். அப்படியான பேக்குக்கு 150 போட்டால் ஏறாது.

டேட்டாவை நிறுத்தி வைத்திருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடமே நோயைக் கண்டுபிடித்தும் தந்துவிடும். டேட்டா நிறுத்தியிருக்கையில் காசு குறைந்தால் அது கடன், புதுப்பிப்பு, சந்தா மூன்றில் ஒன்று. போட்டவுடன் ஒரே தடவையில் போனால் அநேகமாகக் கடன். ஒரு பேக்கின் விலைக்குச் சரியாகப் போய், பேக் ஏறியதாக எஸ்.எம்.எஸ்.ஸும் வந்தால் புதுப்பிப்பு. நாள்தோறும் அல்லது வாரந்தோறும் ஒரே சிறு தொகை போனால் சந்தா. டேட்டாவைப் போட்ட பிறகுதான், அதுவும் சீரில்லாத தொகைகளாகக் குறைகிறது என்றால் பின்னணி டேட்டா.

பேக் சரியாக ஏறியிருந்தும் பிரதான மீதி குறைந்தால், அது எதற்கான பேக் என்று பாருங்கள். பேஸ்புக்குக்கு மட்டும் என்று வாங்கிய பேக்கில், பேஸ்புக்கில் வந்த ஒரு செய்தி இணைப்பைத் தொட்டால் திறப்பது வேறொரு தளம். அதற்கு அந்தப் பேக் செல்லாது. இரவுப் பங்கோடு வரும் பேக்கில் மொத்த ஜி.பி.யைச் சொல்லி விற்காமல் பகலுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டு சிம் போன்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. படுவான்கரையில் சிக்னலுக்காகவே இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் பலர். `Auto data switching` போன்ற ஒரு தெரிவு ஓன் செய்யப்பட்டிருந்தால், பேக் உள்ள சிம்மின் சிக்னல் குறையும்போது போன் தானாக மற்றச் சிம்முக்கு மாறிவிடும்; காசு அங்கே கரையும். சாம்சங்கில் இது `SIM manager` பக்கத்தில் இருக்கும். நிறுத்திவிடுங்கள்.

பின்னணி டேட்டாவைப் பார்க்க, சாம்சங்கில் `Settings > Connections > Data usage > Mobile data usage`; வேறு பல அன்ட்ரொயிட் போன்களில் `Settings > Network & internet > SIMs > App data usage`. அதிகம் இழுத்த செயலி மேலே நிற்கும். அதைத் தொட்டால் `Foreground`, `Background` என்று இரண்டு அளவுகள் தெரியும். பின்னதுதான் திரையில் திறக்காமலே இழுத்தது. அது பெரிதாக இருந்தால் அதே பக்கத்தில் பின்னணிப் பாவனையை நிறுத்தலாம். ஆனால் வட்ஸ்அப், இமோ இரண்டிலும் இதைச் செய்யவேண்டாம். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள் எடுக்கும் அழைப்பு நேரத்துக்கு மணி அடிக்காமல் போகலாம், அந்தத் தாய்மாருக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. வட்ஸ்அப்பில் செய்யவேண்டியது `Settings > Storage and data` பக்கத்தில் `When using mobile data` என்பதைத் திறந்து எல்லாத் தெரிவுகளையும் எடுத்துவிடுவது. கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதித் தெரிவுகளுக்குள் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். பிளே ஸ்டோரில் `Auto-update apps` என்பதை `Over Wi-Fi only` ஆக்குங்கள்.

போனிலேயே `Set data limit` என்று உச்ச அளவு வைக்கலாம். ஒரு ஜி.பி. பேக்குக்கு 950 எம்.பி. என்று வைத்தால், போனின் கணக்குக்கும் நிறுவனத்தின் கணக்குக்கும் இருக்கும் சிறு வித்தியாசத்துக்கு இடம் கிடைக்கும். அந்த அளவில் மொபைல் டேட்டா தானாக நிற்கும். இந்தக் கணக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் புதிதாகத் தொடங்கும். மாதப் பேக்குக்கு, பேக் போட்ட திகதியைத் தொடக்கமாக வையுங்கள். வாரப் பேக் பாவிப்பவருக்கு இது அவ்வளவு உதவாது.

சந்தா விடயத்தில் உங்களிடம் கொஞ்சம் வற்புறுத்தியே கேட்கிறோம். பட்டன் போன்களில் திரையில் தானாக ஒரு செய்தி வந்து நிற்கும். அதை அகற்ற நினைத்து `OK` அழுத்துவதே சம்மதமாகிவிடலாம். வயதானவர்களிடம் `Cancel` அல்லது பின்செல்லும் பட்டனை அழுத்தச் சொல்லிக்கொடுங்கள். வாடிக்கையாளரின் போன் உங்கள் கையில் இருக்கும்போது வரும் எந்தக் கேள்விக்கும் அவரைக் கேட்காமல் ஆம் போடாதீர்கள். பேக் ஏற்றும்போது தானாகப் புதுப்பிக்கும் தெரிவையும் அப்படித்தான்: மாதச் சம்பளக்காரருக்கு அது வசதி, நாட்கூலிக்குப் போகிறவருக்கு அது வேறு செலவுக்கு வைத்த காசு.

செயலி வழியாக எடுத்த சந்தா, செயலியை அழித்தாலும் நிற்காது. பிளே ஸ்டோரில் படக்குறியைத் தொட்டு `Payments & subscriptions > Subscriptions` போய் அங்கேதான் நிறுத்தவேண்டும். மற்றச் சந்தாக்களுக்கு நிறுவனத்தின் செயலியைப் பாருங்கள், அல்லது ஹொட்லைனை எடுத்து "என் இலக்கத்தில் இயங்கும் எல்லாச் சந்தாக்களையும் வாசியுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒன்றை நிறுத்தினால் போதாது, பட்டியல் முழுவதையும் கேட்கவேண்டும். அதே அழைப்பில் எஸ்.எம்.எஸ். மொழியைத் தமிழுக்கு மாற்றவும் கேளுங்கள்.

சந்தாவைத் தான் கேட்கவில்லை என்று வாடிக்கையாளர் உறுதியாகச் சொன்னால், திகதி, நேரம், வெட்டிய தொகை, முன்னும் பின்னும் இருந்த மீதி, வந்த எஸ்.எம்.எஸ்.ஸின் படம் ஆகியவற்றோடு முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கம் வாங்கவேண்டும். அங்கே தீராவிட்டால் அந்த இலக்கத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். நீங்கள் துண்டில் குறித்த இரண்டு மீதிகளும் அங்கே உதவும். ஹொட்லைனில் சிம் பதிவுள்ளவரின் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள். வெளிநாடு போன மகனின் பெயரில் சிம்மை வைத்திருக்கும் தாய் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அப்படியானவர்களைக் கண்டால், முறைப்பாடு வரும்வரை காத்திராமல், மகன் விடுமுறையில் வந்து நிற்கும்போதே சிம்மைத் தாயின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கைத்தொலைபேசி திருத்தும் சிலர்