பொருள்: சலவைக்குக் கிலோ 60 ரூபாய் என்று எழுதிவிட்டு ஈரத்தையும் சேர்த்து எடை போடுவது குறித்து

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

ஐயா / அம்மா,

வணக்கம். ராமேஸ்வரத்தில் 8 அறைகள் கொண்ட சிறிய விடுதி நடத்துகிறேன். சின்ன லாட்ஜ்களுக்கென்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் “கிலோ 60 ரூபாய், அவ்வளவுதான். மறைமுகக் கட்டணம் எதுவும் இல்லை” என்று இருந்தது. அதை நம்பித்தான் உள்ளூர் சலவைக்காரரை நிறுத்தினேன். முதல் மாத பில் வந்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் எடை. அழுக்குத் துணியை நீங்கள் எடுத்துப் போகும்போது போடும் எடைக்குத்தான் பில் வருகிறது. மின்னஞ்சலில் இது சொல்லப்படவில்லை. இந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. எங்களிடம் தங்குபவர்கள் விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, சொட்டச் சொட்ட அறைக்கு வருகிறார்கள். துண்டு பிழிந்தால் தண்ணீர் ஓடும். உங்கள் பையன் காலை பத்து மணிக்கு வந்து அதை அப்படியே தொங்கு தராசில் மாட்டுகிறார்.

போன சனிக்கிழமை 8 அறையும் நிரம்பியிருந்தது. 16 குளியல் துண்டு, 8 டபுள் பெட்ஷீட், 16 தலையணை உறை போட்டோம். உங்கள் ரசீதில் 22 கிலோ. துவைத்துத் திரும்பி வந்ததும் அதே உருப்படிகளை எங்கள் தராசில் வைத்துப் பார்த்தேன்: 15 கிலோ 600 கிராம். துண்டு அரைக் கிலோ, பெட்ஷீட் முக்கால் கிலோ, உறை 100 கிராம் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டாலும் அதேதான் வருகிறது. மீதி 6 கிலோ 400 கிராம் தண்ணீரும் கடற்கரை மணலும். அதற்கு மட்டும் அன்று 384 ரூபாய் கொடுத்திருக்கிறேன். உங்கள் தொங்கு தராசில் முத்திரை இருப்பதாகவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை; அதைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் பார்த்துக்கொள்வார் என்று விடலாமா, நீங்களே சரி செய்கிறீர்களா?

அடுத்தது “சிறப்புக் கறை நீக்கம்”, உருப்படிக்கு 25 ரூபாய். கேட்டதற்கு ரத்தக் கறை என்று போட்டோ அனுப்பினார்கள். தலையணை உறையில் சிவப்பாக ஒரு திட்டு, உண்மைதான். ஆனால் அது மஞ்சள். மஞ்சள் பட்ட துணியில் சோப்பு நீர் பட்டால் சிவந்துபோகும் என்பது வீட்டில் துணி துவைத்த யாருக்கும் தெரியும், சலவைத் தொழில் செய்பவர்களுக்குத் தெரியாதா? கட்டணமும் வாங்கிக்கொண்டு கறையோடுதான் திருப்பி அனுப்பினீர்கள். நாங்கள் அலசி மொட்டை மாடியில் வெயிலில் போட்டோம், சாயங்காலத்துக்குள் மங்கிவிட்டது. கோயில் ஊரில் மஞ்சளும் குங்குமமும் படாத தலையணை உறை எங்கே இருக்கிறது? இதற்கெல்லாம் தனிக் கட்டணம் என்றால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கூட்டம் இல்லாத நாளில் 9 கிலோ போட்டால் “குறைந்தபட்சம் 15 கிலோ” என்று 900 ரூபாய் வாங்குகிறீர்கள். இதுவும் மின்னஞ்சலில் இல்லை.

60 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி. தனி என்பதும் பில்லில்தான் தெரிந்தது. உங்கள் அலுவலகத்தில் பேசிய தம்பி, “அதை நீங்க கிளெய்ம் பண்ணிக்கலாம் சார்” என்றார். முடியாது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 22.9.2025 முதல் வரி 5 சதவீதம். ஆனால் நாங்கள் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள வழியில்லை. ஆக நீங்கள் போடும் வரி முழுக்க என் கைக்காசு. சின்ன விடுதிகளுக்கென்றே விலை சொல்பவர்கள் வரியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

துவைப்பில் குறை சொல்ல மாட்டேன். வெள்ளை வெள்ளையாகத்தான் வருகிறது, நேரத்துக்கும் வருகிறது. அதனால்தான் நிறுத்தாமல் எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். எடையைத் துவைத்துக் காய்ந்த பிறகு, திருப்பித் தரும்போது எங்கள் ஆள் முன்னால் போடுங்கள். அது தோதுப்படாவிட்டால் துண்டுக்கு இவ்வளவு, பெட்ஷீட்டுக்கு இவ்வளவு என்று உருப்படிக் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம், எனக்குச் சம்மதம். சென்ற மாதம் வாங்கிய கறைக் கட்டணம் முழுவதையும், சனிக்கிழமை எடை வித்தியாசத்தையும் அடுத்த பில்லில் கழியுங்கள். மற்ற நாட்களின் வித்தியாசத்தை உங்கள் ரசீதுகளையும் எங்கள் உருப்படி நோட்டையும் வைத்து உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம்.

இந்த மாத பில்லில் நான் ஒத்துக்கொள்ளும் தொகையை மட்டும் கட்டுவேன். மீதி உங்கள் எழுத்துப்பூர்வமான பதில் வந்த பிறகு. ரசீது, இரண்டு தராசுகளின் படம், மஞ்சள் பட்ட உறையின் முன் பின் படங்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
விடுதி உரிமையாளர்,
ராமேஸ்வரம்