ஒரு வாரம் கடை விடுமுறை, அப்புறம் உங்களுக்கு ஒரு காபி

வணக்கம். ஜூன் 8 திங்கள் முதல் 14 ஞாயிறு வரை நம் டிபன் கடை இருக்காது. தண்ணீர் கசியும் சமையலறைத் தரையை உடைத்து மறுபடி போடுகிறோம். 15 திங்கள் காலை 6.30-க்கு மறுபடி திறக்கிறோம்.

முதல் நன்றி கீழே தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு. எங்கள் சமையலறையிலிருந்து அவர் கூரையில் தண்ணீர் சொட்டி, ஒரு ரவிக்கைத் துணியே வீணானது. சண்டைக்கு வராமல், தினமும் எத்தனை மணிக்குச் சொட்டுகிறது என்று அளவு நோட்டில் குறித்து வைத்தார். நாங்கள் மாவு அரைத்து கிரைண்டர் கழுவிய ஒரு மணி நேரத்தில்தான் சொட்டியது என்பது அதில்தான் தெரிந்தது.

அடுத்து கொத்தனார் அண்ணன். நாங்கள் இரண்டு முறை டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் வைத்துப் பூசி ஏமாந்தவர்கள். அவர் முதலில் குழாயை ஒரு நாள் மூடிப் பார்த்தார். அப்புறம் கேசரி பவுடர் கலந்த தண்ணீரை கிரைண்டர் மூலையில் ஊற்றினார். மறுநாள் காலை கீழே கூரையில் ஆரஞ்சு வட்டம்! குழாயில் குற்றமில்லை, தரையில்தான். காசால் தட்டினால் அந்த மூலையில் டைல்ஸ் பொக்கென்று சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடும் வாட்டமும் வடிகால் ஜாலிப் பக்கம் இல்லாமல் சுவர் பக்கம் இருந்தது.

30 சதுர அடிக்கு ஒரு வாரமா என்று கேட்பீர்கள். உடைப்பது 7-ம் தேதி ஞாயிறு இரவே முடிந்துவிடும். நேரம் போவது காய்வதற்குத்தான். வாட்டம் பார்த்துப் போட்ட கலவை இறுக வேண்டும். அதன்மேல் வாட்டர் புரூஃபிங் இரண்டு கோட், சுவரில் ஒரு அடி உயரம் வரை. அது காய்ந்ததும் ஜாலியை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, அக்கா கடைக் கூரையைப் பார்ப்போம். சொட்டவில்லை என்றால்தான் டைல்ஸ். சொட்டினால் திறப்பு ஓரிரு நாள் தள்ளிப்போகும். வாசல் பலகையில் எழுதிவிடுவோம்.

டிபனுக்கு மாதச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த 7 நாள் அப்படியே நீட்டிக்கப்படும், கேட்கவே வேண்டாம். இட்லி மாவு வாங்குபவர்கள் 7-ம் தேதி மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாளுக்கு மேல் புளித்துவிடும், வாரத்துக்கும் சேர்த்து வாங்காதீர்கள்.

இத்தனை நாள் ஈரத் தரையில் சாக்கு விரித்ததைப் பொறுத்துக்கொண்டு சாப்பிட்ட உங்கள் எல்லோருக்கும், 15, 16, 17 மூன்று நாளும் காலை 11 மணி வரை எந்த டிபன் சாப்பிட்டாலும் ஒரு ஃபில்டர் காபி எங்கள் கணக்கில். பார்சலுக்குக் கிடையாது, டபராவில் ஆற்றிக் குடித்தால்தான் அது காபி.