ஃபத்வாவும் ஃபர்மானும்

அன்புள்ள சலீம்,

ஃபத்வா என்பது மார்க்கச் சட்டம் பற்றி முஃப்தி என்ற அறிஞர் சொல்லும் வெறும் கருத்துதானே, அதை வைத்து உஸ்மானிய சுல்தான்கள் எப்படி ஆட்சி நடத்தினார்கள் என்று கேட்டிருந்தாய். 1545 முதல் 1574 வரை ஷைகுல் இஸ்லாமாக, அதாவது பேரரசின் தலைமை முஃப்தியாக, இருந்த அபுஸ்ஸுஊத் எஃபந்தியின் காலத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கேள்வி வந்ததும் எழுத்தர்கள் அதைப் பெயர் நீக்கித் திருத்தி எழுதுவார்கள். வழக்காடுபவர்கள் ஸைது, அம்ரு ஆகிவிடுவார்கள். பெண் என்றால் ஹிந்த். முஃப்தி அடியில் 'ஆகும்', 'ஆகாது' என்று எழுதினாலே போதும். ஒரே நாளில் 1,412 ஃபத்வா எழுதினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கேள்வி அப்படித் தயாராகி வந்திருக்காவிட்டால் அது நடக்கிற காரியமா? இதில் ஆபத்தும் உண்டு. முஃப்தி சாட்சியை விசாரிப்பதில்லை, எழுதிவந்ததற்குத்தான் பதில். ஒரு நிபந்தனையை விட்டுவிட்டுக் கேட்டால் விடையே மாறிவிடும். உண்மையில் நடந்தது என்ன என்று பார்ப்பது நீதிபதியான காழியின் வேலை.

அந்தக் காழியை ஃபத்வா கட்டுப்படுத்தாது. சுல்தானின் ஆணையான ஃபர்மான்தான் கட்டுப்படுத்தும். இரண்டும் எப்படி இணைந்தன என்பதற்கு ரொக்க வக்ஃபைப் பார், அதாவது பணத்தையே நிலையான அறக்கொடையாக ஒதுக்கிவைப்பதை. ஒருவர் 10,000 அக்சே வெள்ளி நாணயங்களை வக்ஃபு செய்கிறார். அதைப் பத்து சதவீதத்துக்குக் கடன் கொடுத்தால் ஆண்டுக்கு 1,000 அக்சே வரும். அதில் ஓர் ஆசிரியருக்குச் சம்பளம். ஊரெங்கும் இதே நடைமுறை. ஆனால் வக்ஃபு நிலைத்து நிற்க வேண்டும், பணமோ செலவானால் போயிற்று என்று பேரரசின் ஐரோப்பியப் பகுதியான ருமேலியாவின் தலைமை நீதிபதி, காழி அஸ்கர் சிவிஸாதா எதிர்த்தார், சுல்தான் சுலைமானிடம் தடையும் வாங்கினார். (இவரே முன்பு ஷைகுல் இஸ்லாமாக இருந்து 1542இல் பதவி பறிக்கப்பட்டவர்.)

வழக்கத்தில் உள்ள அசையும் பொருளை வக்ஃபு செய்யலாம் என்ற, ஹனஃபி மத்ஹபின் முன்னோடி அறிஞர் இமாம் முஹம்மது ஷைபானியின் கருத்தை அபுஸ்ஸுஊத் எடுத்துக்கொண்டார். தடை நீடித்தால் அந்த வருமானத்தை நம்பிய அறப்பணிகள் நின்றுவிடும் என்பதும் அவர் வாதம். 1548இல் சுல்தான் தடையை நீக்கினார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று: மத்ஹபு என்ற சட்டப் பள்ளிக்குள் இரு கருத்து இருந்தால் எதன்படி தீர்ப்பளிப்பது என்று காழிக்குச் சொல்லும் உரிமை சுல்தானுடையது. கருத்தைத் தேடிக்கொடுப்பது முஃப்தி, அதைச் சட்டமாக்குவது ஃபர்மான். 15 ஆண்டு கடந்த வழக்கை, தக்க காரணம் இல்லாமல், காழி விசாரிக்கக் கூடாது என்ற விதியும் இப்படி வந்ததுதான். அங்கே உரிமை அழிவதில்லை. விசாரிக்கும் அதிகாரம் மட்டும் காழிக்கு இல்லாமல் போகிறது.

பிற்பாடு பெரிய மத்ரஸா ஆசிரியர்களையும் உயர் காழிகளையும் முன்மொழிவதும் ஷைகுல் இஸ்லாமின் கைக்கு வந்தது. படித்து முன்னேற நினைப்பவன் அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. அவரை நியமிப்பதும் நீக்குவதும் சுல்தான்.

ஆனாலும் கயிறு இரண்டு பக்கமும் இழுத்தது. 1634இல் நான்காம் முராத், ஷைகுல் இஸ்லாம் அகீஸாதா ஹுசைனைக் கொல்லவைத்தார். 1648இல் முராதின் தம்பி சுல்தான் இப்ராஹீமை அரியணையிலிருந்து இறக்கியவர்கள் ஷைகுல் இஸ்லாம் அப்துர்ரஹீமின் ஃபத்வாவைக் காட்டித்தான் இறக்கினார்கள். படையினர் கிளர்ந்தெழாமல் அந்தத் தாள் மட்டும் எதுவும் செய்திருக்காது என்று நான் நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? எழுது.

அன்புடன்,
காதர்